நாடி துடித்துக்கொண்டிருந்த கால்: கணைக்கால் முறிவுக்குப் பின் வந்த அழுத்தம் – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தப் பதிவில் வரும் நோயாளி, குடும்பத்தினர், மருத்துவமனைகள் ஆகியோரின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன். அந்த இரவில் அழைக்கப்பட்ட எலும்பு மருத்துவன் என்ற முறையில், தசை அறைகளுக்குள் அழுத்தம் ஏறும் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் என்னும் நோயைப் பற்றி இதை எழுதுகிறேன். எலும்பு முறிவுப் பிரிவில் இரவுப் பணி பார்க்கும் இளம் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் இது முதலில் உரியது. வீட்டில் ஒருவருக்குக் காலில் மாவுக்கட்டு போட்டிருக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களும் படிக்கலாம்.

பின்னணி

இருபத்து நான்கு வயது இளைஞர். லேத் பட்டறையில் வேலை பார்ப்பவர். மாலை 5.30 மணிக்கு வேலை முடிந்து இருசக்கர வாகனத்தில் திரும்பும்போது வண்டி சறுக்கி, வலது கால் வண்டிக்கும் சாலைத் தடுப்புக்கும் இடையில் மாட்டிக்கொண்டது. அருகில் இருந்த சிறிய மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில் உள்ள டிபியா, ஃபிபுலா என்னும் இரண்டு எலும்புகளும் மேல்பாகத்தில் முறிந்திருந்தன. தோல் கிழியவில்லை. தொடை நடுவிலிருந்து விரல்கள் வரை அரை மாவுக்கட்டு வைத்து, அதன் மேல் கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றி, வலி ஊசி போட்டு எங்களிடம் அனுப்பினார்கள்.

இரவு 9.30 மணிக்கு வந்து சேர்ந்தார். அவசரப் பிரிவுக் குறிப்பில் இப்படி எழுதப்பட்டிருந்தது: பாதத்தில் நாடி நன்றாக உள்ளது, விரல்கள் சூடாக உள்ளன, விரல்களை அசைக்கிறார். மறுநாள் காலை எலும்புக்குள் கம்பி செலுத்தும் அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் எழுதி, வார்டில் சேர்த்து, காலை இரண்டு தலையணைகள் மேல் உயர்த்தி வைத்தார்கள். வழக்கமான ஏற்பாடுதான். குறிப்பில் எழுதியிருந்த மூன்று செய்திகளும் உண்மைதான். ஆனால் அந்த இரவில் கேட்கப்பட வேண்டிய கேள்விக்கு அந்த மூன்றில் ஒன்றுகூட விடை சொல்லவில்லை. ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் காலின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கணைக்காலின் நான்கு அறைகள்

கணைக்காலில் தசைகள் ஒரே கட்டியாக இல்லை. தோலுக்கும் கொழுப்புக்கும் அடியில், தசைகள் அனைத்தையும் சுற்றி ஒரு தடித்த வெண்ணிற உறை இருக்கிறது. அதிலிருந்து உள்நோக்கிச் செல்லும் தடுப்புகள் எலும்புகளில் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டு எலும்புகளுக்கும் இடையிலும் ஒரு உறுதியான சவ்வு இருக்கிறது. இவை சேர்ந்து கணைக்காலை நான்கு அறைகளாகப் பிரிக்கின்றன. இந்த உறைக்கு நீளும் தன்மை மிகக் குறைவு. அறைக்குள் ஏதாவது கூடினால், அறை பெரிதாகாது. உள்ளே அழுத்தம்தான் கூடும்.

முன் அறை, டிபியா எலும்பின் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. கணுக்காலையும் விரல்களையும் மேல்நோக்கித் தூக்கும் தசைகள் இங்கே உள்ளன. முன் டிபியல் தமனியும் ஆழ்ந்த பெரோனியல் நரம்பும் இந்த அறை வழியாகத்தான் பாதத்துக்குப் போகின்றன. அந்த நரம்பு தோலில் உணர்ச்சி தரும் இடம் மிகச் சிறியது: கட்டைவிரலுக்கும் இரண்டாம் விரலுக்கும் இடையில் உள்ள இடுக்கு. அந்தச் சிறிய இடம் மரத்துப்போவதுதான் பல நேரம் முன் அறையின் நரம்பு கொடுக்கும் முதல் எச்சரிக்கை.

வெளி அறை ஃபிபுலாவை ஒட்டியது. பாதத்தை வெளிப்பக்கம் திருப்பும் இரண்டு தசைகளும், புறங்காலின் பெரும்பகுதிக்கு உணர்ச்சி தரும் மேலோட்டப் பெரோனியல் நரம்பும் இதில் உள்ளன. பெரிய தமனி எதுவும் இதற்குள் ஓடுவதில்லை.

பின்பக்கம் இரண்டு அறைகள். நாம் கெண்டைச் சதை என்று கையால் பிடித்துப் பார்ப்பது மேலோட்டப் பின் அறை. அதற்கும் உள்ளே, எலும்புகளை ஒட்டி, ஆழ்ந்த பின் அறை இருக்கிறது. விரல்களைக் கீழ்நோக்கி மடக்கும் தசைகள், பின் டிபியல் தமனி, பெரோனியல் தமனி, உள்ளங்காலுக்கு உணர்ச்சி தரும் டிபியல் நரம்பு ஆகிய எல்லாம் இந்த ஒரே அறையில் இருக்கின்றன. வெளியிலிருந்து கை வைத்துப் பார்த்து இந்த அறையின் இறுக்கத்தை அறிய முடியாது. கெண்டைச் சதை மென்மையாக இருந்தாலும் அதன் அடியில் இந்த அறை இறுகியிருக்கலாம். நான்கு அறைகளில் கண்ணுக்கும் கைக்கும் தப்புவது இதுதான்; திறக்கும்போது விடுபட்டுப் போவதும் இதுதான்.

அழுத்தம் எப்படித் தசையைக் கொல்கிறது

ஓய்வாகப் படுத்திருக்கும் ஆரோக்கியமான காலில் இந்த அறைகளுக்குள் அழுத்தம் ஏறக்குறைய 10 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும். எலும்பு முறிந்தால் இரத்தம் கசிகிறது, நசுங்கிய தசை வீங்குகிறது, அழுத்தம் 30, 40 என்று ஏறுகிறது. இரத்த அழுத்தத்தின் மேல் எண் 118 உள்ள ஒருவரின் தமனியை இந்த 40 அமுக்கி மூட முடியாது. தமனி துடித்துக்கொண்டே இருக்கும். மூடத் தொடங்குபவை மெல்லிய சுவர் கொண்ட சிறு சிரைகள்.

சிரைகள் திறந்திருக்க வேண்டுமானால் அவற்றுக்குள் இருக்கும் அழுத்தம் சுற்றியுள்ள திசுவின் அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். எனவே அறையின் அழுத்தம் ஏற ஏற, சிரையின் அழுத்தமும் சேர்ந்து ஏறுகிறது. தமனிப் பக்கத்துக்கும் சிரைப் பக்கத்துக்கும் இடையில் உள்ள வித்தியாசம்தான் தந்துகிகள் வழியே இரத்தத்தைத் தள்ளும் விசை. அந்த வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வருகிறது. வடிகால் அடைபட்ட வயலில் தண்ணீர் தேங்குவது போல, வெளியேற வழியில்லாத நீர் தந்துகிகளிலிருந்து திசுவுக்குள் கசிகிறது. கசிந்த நீர் அழுத்தத்தை மேலும் கூட்டுகிறது. கூடிய அழுத்தம் சிரைகளை மேலும் நெருக்குகிறது. வெளியிலிருந்து யாரும் தலையிடாவிட்டால் இந்தச் சுற்று தசை இறக்கும் வரை நிற்பதில்லை.

இந்த நேரம் முழுவதும் பாதத்தில் நாடி கிடைக்கும். முன் அறைக்குள் ஓடிவரும் தமனிதான் புறங்காலில் நாம் விரல் வைத்துப் பார்க்கும் நாடியாகத் தொடர்கிறது. அந்த அறையின் தசைக்கு இரத்தம் போகாத நிலையிலும், அதே அறையைக் கடந்து பாதத்துக்கு இரத்தம் போய்க்கொண்டிருக்கும். பாதம் சூடாக இருக்கும். நகத்தை அழுத்திவிட்டால் நிறம் திரும்பும். நாடி நின்றுபோன பிறகு இந்த நோயைக் கண்டுபிடித்தால், பெரும்பாலும் தசை போய்விட்டிருக்கும். அல்லது தமனியே அடிபட்ட வேறொரு நோயாக அது இருக்கும்.

நரம்பும் தசையும் எவ்வளவு நேரம் தாங்கும்? நரம்பு முதலில் முறையிடுகிறது. இரத்தம் குறைந்து ஒரு மணி நேரத்துக்குள்ளேயே மரத்துப்போதல் தொடங்கலாம். தசையைப் பொறுத்தவரை, நான்கு மணி நேரத்துக்குள் இரத்தம் திரும்பினால் பெரும்பாலும் மீள்கிறது. ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகிவிட்டால் மீளாத அழிவு தொடங்கிவிடுகிறது. இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. கடிகாரம் விபத்து நடந்த நேரத்தில் ஓடத் தொடங்குவதில்லை. அழுத்தம் எல்லையைத் தாண்டிய நேரத்தில்தான் தொடங்குகிறது. அந்த நேரத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரவில் கவனித்தது

வார்டுக்கு வந்ததும் 10 மணிக்கு ஒரு வலி ஊசி போடப்பட்டது. அரை மணி நேரம் கண்ணயர்ந்தார். 11.30 மணிக்கு மீண்டும் வலிக்கிறது என்றார். இரண்டாவது ஊசி போட்டார்கள். 12.50 மணிக்கு அவருடைய அம்மா செவிலியரிடம் வந்து நின்றார். “சிஸ்டர், இன்னொரு ஊசி போடுங்கள். பையன் தாங்கமாட்டான் போலிருக்கிறது. கட்டுப் போட்டபோதுகூட இப்படிக் கத்தவில்லை.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அந்தச் செவிலியர் அலட்சியமாக விடவில்லை. முறிந்த எலும்பை அசையாமல் கட்டிவைத்த பிறகு வலி குறைய வேண்டும். கட்டிய ஐந்தாறு மணி நேரத்துக்குப் பிறகு, இரண்டு ஊசிகளுக்கும் மேல், வலி ஏறுகிறது என்றால் அந்த வலி எலும்பிலிருந்து வருவதல்ல. ஊசி மருந்தை எடுக்கப் போகாமல் அவர் நோயாளியிடம் போனார். கட்டுக்கு வெளியே தெரிந்த கட்டைவிரலைப் பிடித்து மெதுவாகக் கீழ்நோக்கி வளைத்தார். இளைஞர் அலறிவிட்டார். விரலில் அடியில்லை, வலி வந்தது முன் கணைக்காலில். விரலை மேல்நோக்கித் தூக்கியபோதும் கெண்டைச் சதையின் ஆழத்தில் வலித்தது.

கீழ்நோக்கி வளைக்கும்போது முன் அறையின் தசை இழுபடுகிறது. மேல்நோக்கித் தூக்கும்போது ஆழ்ந்த பின் அறையின் தசை இழுபடுகிறது. இரத்தம் குறைந்த தசையை இழுத்தால் தாங்க முடியாத வலி வரும். நோயாளி தானே விரலை அசைத்துக் காட்டுவது வேறு, நாம் பிடித்து இழுத்துப் பார்ப்பது வேறு. அவசரப் பிரிவில் அவர் விரல்களை அசைத்தது கீழ்நோக்கி மடக்கித்தான். “விரலை அசையுங்கள்” என்று சொன்னால் பெரும்பாலோர் அப்படித்தான் மடக்குவார்கள். அது ஆழ்ந்த பின் அறையின் தசை. முன் அறையின் தசையைச் சோதிக்க, கட்டைவிரலை முகத்தை நோக்கித் தூக்கச் சொல்ல வேண்டும். இப்போது தூக்கச் சொன்னபோது அவரால் சிறிதளவே முடிந்தது.

ஒரு மணிக்குப் பணியில் இருந்த முதுநிலை மாணவர் வந்தார். புறங்காலில் நாடி தெளிவாகக் கிடைத்தது. கட்டைவிரல் இடுக்கில் பஞ்சால் தொட்டால், இடது காலைவிட மங்கலாகத் தெரிகிறது என்றார் நோயாளி. உள்ளங்காலில் வித்தியாசம் இல்லை. மாணவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து நாடியைப் பற்றி முதலில் சொல்லவில்லை. விரலை இழுத்தால் வரும் வலி, இடுக்கில் மரத்துப்போதல், இரண்டு ஊசிகள் பலிக்காதது என்ற வரிசையில் சொன்னார். அப்படிச் சொன்னதால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

முதல் முடிவு: கட்டை அறுப்பது

கட்டை உடனே தோல் தெரியும்வரை அறுக்கச் சொன்னேன். பேண்டேஜை மட்டும் தளர்த்தினால் போதாது. மாவுக்கட்டின் அடியில் சுற்றியிருக்கும் பஞ்சுப் பட்டை இரத்தத்தில் நனைந்து காய்ந்தால், அதுவே ஒரு இறுகிய வளையம் ஆகிவிடும். மேலே உள்ளதை வெட்டிவிட்டுப் பஞ்சை அப்படியே விட்டால் வேலை பாதிதான் முடிந்தது. இரண்டாவதாக, தலையணைகளை எடுத்துவிட்டுக் காலை இதயத்தின் மட்டத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். சாதாரண வீக்கத்துக்குக் காலை உயர்த்துவது நல்லது. ஆனால் இந்த நோயில் காலை உயர்த்தினால் தமனிப் பக்கத்து அழுத்தம் குறைகிறது. அறையின் அழுத்தமோ அதற்கேற்பக் குறைவதில்லை. ஏற்கெனவே சுருங்கிய வித்தியாசம் இன்னும் சுருங்கும்.

கட்டை அறுத்ததும் கொஞ்சம் நிம்மதி கிடைத்தது. இப்படிக் கிடைக்கும் நிம்மதியை நம்பிக் காலைவரை பொறுத்திருப்பது நம்மிடையே உள்ள பழக்கம். அது ஆபத்தான பழக்கம் என்று நினைக்கிறேன். கட்டு மட்டுமே காரணம் என்றால், அறுத்த சில நிமிடங்களில் வலி பெரும்பாலும் விலகிவிட வேண்டும். 1.30 மணிக்கு நான் வந்து பார்த்தபோது அவர் பேசும் நிலையில் இருந்தார். ஆனால் கட்டைவிரலைத் தொட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். முன் கணைக்கால் பளபளப்பாக, மரக்கட்டை போன்ற இறுக்கத்துடன் இருந்தது.

இரண்டாம் முடிவு: அளந்து பார்ப்பது

அறிகுறிகள் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது அளக்காமலே அறுவை அரங்குக்குப் போகலாம். நான் அளந்ததற்கு இரண்டு காரணங்கள். அரங்கைத் தயார் செய்ய எப்படியும் நேரம் ஆகும். அந்த நேரம் வீணாகாது. மேலும், கையால் அறிய முடியாத ஆழ்ந்த பின் அறையின் நிலை எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

இதற்கென்று தனிக் கருவி எங்களிடம் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் தமனிக்குள் இரத்த அழுத்தம் பார்க்கப் பயன்படுத்தும் அளவியோடு 18 எண் ஊசியை இணைத்தோம். ஊசி நுழையும் மட்டத்தில் அளவியை வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது முக்கியம். மேலேயோ கீழேயோ இருந்தால் எண் பொய் சொல்லும். முறிவுக்கு அருகில், ஏறக்குறைய 5 செ.மீ. தொலைவுக்குள் அளக்க வேண்டும், ஏனென்றால் அழுத்தம் அங்கேதான் உச்சத்தில் இருக்கும். ஆனால் முறிந்த இடத்துக்குள்ளேயே ஊசி போகக் கூடாது. ஊசி சரியான அறையில் இருக்கிறதா என்று பார்க்க, அந்த அறையை வெளியிலிருந்து விரலால் அழுத்தினால் திரையில் எண் எழும்பி மீண்டும் இறங்க வேண்டும். ஆழ்ந்த பின் அறையை அப்படி அழுத்த முடியாது என்பதால், விரல்களை மேல்நோக்கித் தூக்கிப் பார்த்தோம், எண் எழும்பியது.

அவருடைய இரத்த அழுத்தம் 118/70. முன் அறையில் 48, ஆழ்ந்த பின் அறையில் 44, வெளி அறையில் 36, மேலோட்டப் பின் அறையில் 24 கிடைத்தன.

இந்த எண்களைத் தனியாகப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. இரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணிலிருந்து அறையின் அழுத்தத்தைக் கழிக்க வேண்டும். மிஞ்சுவது 30-க்குக் கீழே இருந்தால் அறையைத் திறக்க வேண்டும் என்பது இன்று பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை; எடின்பரோவில் டிபியா முறிவு நோயாளிகளைத் தொடர்ந்து அளந்து 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான அடிப்படை தந்தது. இவருக்கு முன் அறையில் 70-இல் 48 போக 22. ஆழ்ந்த பின் அறையில் 26. இரண்டும் எல்லையைத் தாண்டிவிட்டன. வெளி அறையில் 34, மேலோட்டப் பின் அறையில் 46.

கழித்துப் பார்ப்பதன் பயனை இன்னொரு வகையிலும் சொல்லலாம். இதே 36 என்னும் அழுத்தம், இரத்தம் நிறைய இழந்து கீழ் எண் 50-க்கு இறங்கிவிட்ட ஒருவரிடம் இருந்தால் மிஞ்சுவது 14 மட்டுமே. பல இடங்களில் அடிபட்டவருக்கு அறைக்குள் சுமாரான அழுத்தமே ஆபத்தாக முடிவது இதனால்தான். மயக்க மருந்து கொடுத்தபின் இரத்த அழுத்தம் இறங்கும் என்பதால், அதற்கு முன்பு எடுத்த கீழ் எண்ணை வைத்தே கணக்கிட வேண்டும்.

தாயிடம் பேசியது

சம்மதம் வாங்க அம்மாவை அழைத்தபோது அவர் கேட்டது நியாயமான கேள்வி. “வரும்போது நாடி நன்றாக இருக்கிறது என்றார்களே, டாக்டர். எலும்புக்குத்தானே நாளைக்கு ஆபரேஷன்? இப்போது எதற்குக் காலின் இரண்டு பக்கமும் கிழிக்க வேண்டும்?”

“நாடி இப்போதும் இருக்கிறது, அம்மா. பாதத்துக்கு இரத்தம் போகிறது. நடுவில் இருக்கும் சதைக்குத்தான் போகவில்லை. சதையைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது, அதை இப்போது திறந்துவிட்டால் சதை பிழைக்கும். விடிந்து பார்த்தால் பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம்” என்றேன். புண்ணை அன்றே தைக்க மாட்டோம் என்பதையும், பிறகு தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட நேரலாம் என்பதையும், இப்போதே கொஞ்சம் சதை போயிருக்கக்கூடும் என்பதையும் சொன்னேன். இவற்றை முன்பே சொல்லாவிட்டால், மறுநாள் திறந்த புண்ணைப் பார்க்கும் குடும்பம் ஏதோ தவறு நடந்துவிட்டது என்றுதான் நினைக்கும். அவர் மகனிடம் போய், “சரி என்று சொல்லப்பா” என்றார்.

மூன்றாம் முடிவு: நான்கையும் திறப்பது

இரண்டு அறைகள்தான் எல்லையைத் தாண்டியிருந்தன. ஆனாலும் நான்கையும் திறந்தோம். வீக்கம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. இரத்தம் திரும்பிய பிறகு அது மேலும் கூடும். முன் அறைக்குப் போகும் அதே கீறலில் வெளி அறை இருக்கிறது. ஆழ்ந்த பின் அறைக்குப் போகும் வழியிலேயே மேலோட்டப் பின் அறை இருக்கிறது. மிச்சம் வைத்த அறைக்காக விடியற்காலையில் மீண்டும் மயக்கம் கொடுப்பதைவிட இதுவே பாதுகாப்பு.

முழு மயக்கம் கொடுத்து 2.45-க்கு முதல் கீறல். ஃபிபுலாவுக்கும் டிபியாவின் முன் விளிம்புக்கும் நடுவில், ஏறக்குறைய 20 செ.மீ. நீளம். குட்டையான கீறல் போட்டு உள்ளே உறையை மட்டும் நீளமாக வெட்டினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. வீங்கிய காலில் தோலே ஓர் உறையாக நின்று அழுத்தத்தைத் தக்கவைக்கும். உறையில் முதலில் குறுக்காக ஒரு சிறிய வெட்டுப் போட்டு, முன் அறையையும் வெளி அறையையும் பிரிக்கும் தடுப்பைக் கண்ணால் பார்த்தபிறகே இரண்டையும் தனித்தனியாக நீளவாக்கில் திறந்தோம். இந்தத் தடுப்பைக் காணாமல் வெட்டினால், ஒரே அறையை இரண்டு முறை திறந்துவிட்டு இரண்டையும் திறந்ததாக நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. கீழ்ப்பகுதியில் மேலோட்டப் பெரோனியல் நரம்பு உறையைத் துளைத்து வெளியே வருகிறது. வெளிக் கணுவுக்கு 10 முதல் 12 செ.மீ. மேலே அதைத் தேடிக் கண்டுபிடித்து ஒதுக்கினோம்.

இரண்டாவது கீறல் உட்பக்கம், டிபியாவின் பின் விளிம்புக்கு 2 செ.மீ. பின்னால். மேலோட்டப் பின் அறை உடனே திறந்துவிடும். அத்துடன் நின்றுவிடுவதுதான் இந்த அறுவையின் பொறி. சோலியஸ் தசை டிபியாவோடு ஒட்டியிருக்கும் இடத்தைப் பிரித்தால்தான் அதன் அடியில் ஆழ்ந்த பின் அறை கிடைக்கும். பிரித்தபோது தசை பிதுங்கி வெளியே வந்தது. நிறம் சிவப்பு, தொட்டால் சுருங்கியது. சரியான நேரத்தில் போயிருக்கிறோம்.

முன் அறையில் அப்படி இல்லை. உறை திறந்ததும் தசை வெளியே தள்ளிக்கொண்டு வந்தது, வெளிறிய சாம்பல் நிறத்தில். பத்து நிமிடம் காத்திருந்தோம். பெரும்பகுதி மெல்லச் சிவந்தது. கட்டைவிரலைத் தூக்கும் தசையின் ஒரு பகுதி சிவக்கவில்லை; இடுக்கியால் தொட்டபோது சுருங்கவும் இல்லை. உயிருண்டா இல்லையா என்று உறுதியாகச் சொல்ல முடியாத தசையை அன்றே வெட்ட வேண்டியதில்லை என்று விட்டுவைத்தோம். எலும்பை வெளியிலிருந்து பிடிக்கும் சட்டத்தால் நிலைநிறுத்தினோம். புண்களைத் திறந்தபடியே வைத்துக் கட்டினோம்.

பின்னர் நடந்தவை

காலையில் சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் வந்தது. இறந்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைத்துவிடும். பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பைக் குலைக்கலாம். சிறுநீர் மணிக்கு 100 மி.லி.க்குக் குறையாமல் வரும்படி சிரை வழியாகத் திரவம் ஏற்றி, பொட்டாசியத்தை அடிக்கடி பார்த்தோம். இரண்டாம் நாள் நிறம் தெளிந்தது. சிறுநீரகம் தப்பியது.

48 மணி நேரம் கழித்து மீண்டும் அரங்கில் பார்த்தோம். சந்தேகத்துக்குரிய அந்தத் தசைப் பகுதி இறந்திருந்தது, வெட்டி எடுத்தோம். மற்றவை உயிரோடு இருந்தன. வீக்கம் வடிந்ததும் உட்பக்கப் புண்ணைத் தைத்தோம். வெளிப்பக்கப் புண்ணுக்குத் தொடைத் தோல் ஒட்ட வேண்டியிருந்தது. அதே வாரத்தில் வெளிச்சட்டத்தை எடுத்துவிட்டு எலும்புக்குள் கம்பி செலுத்தினோம். பாதம் கீழே தொங்கி இறுகிவிடாமல் இருக்க, முதல் நாளிலிருந்தே கணுக்காலை நேர்கோணத்தில் பிடிக்கும் தாங்கி போட்டிருந்தார். உடற்பயிற்சி சிகிச்சையாளர் தினமும் வந்தார்.

ஓராண்டு முடிவில் எலும்பு கூடிவிட்டது. உள்ளங்கால் உணர்ச்சி முழுமையாக இருக்கிறது. விரல்கள் கோணி மடங்கிப்போகவில்லை. அது ஆழ்ந்த பின் அறை காப்பாற்றப்பட்டதன் பலன். கணுக்காலைத் தூக்க முடிகிறது, வலிமை மட்டும் சற்றுக் குறைவு. கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை. செருப்புப் போட்டு நடக்கும்போது அது நுனியில் தட்டுகிறது, அதனால் பின்வார் உள்ள செருப்பு அணிகிறார். விரல் இடுக்கில் மரத்த உணர்ச்சி அப்படியே இருக்கிறது. பட்டறை வேலைக்குத் திரும்பிவிட்டார். நின்றபடி வேலை செய்யும் நாட்களில் மாலையில் கால் வீங்குகிறது.

மாற்றியவை

இந்த நிகழ்வுக்குப் பிறகு எங்கள் பிரிவில் கூடி முழுவதையும் மறுபடி பார்த்தோம். மிகப் பெரிய மாற்றம், கணைக்கால் முறிவு நோயாளிகளின் குறிப்பேட்டில் வந்தது. “நாடி உள்ளது, விரல் அசைகிறது” என்ற வரியை எடுத்துவிட்டோம். அதன் இடத்தில், முதல் இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மணிக்கொரு முறை, கட்டைவிரலைத் தானாகத் தூக்க முடிகிறதா, விரல் இடுக்கிலும் உள்ளங்காலிலும் உணர்ச்சி எப்படி, விரல்களை மேலும் கீழும் நாம் இழுத்தால் வலி எவ்வளவு என்று எழுதுகிறார்கள். ஒவ்வொன்றும் ஓர் அறையைக் கேட்கும் கேள்வி. ஒரு முறை பார்த்த முடிவைவிட, மணிக்கு மணி அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் இங்கே பேசுகிறது.

வலி ஊசியைப் பற்றியும் ஒரு முடிவெடுத்தோம். கணைக்கால் முறிவு நோயாளி குறித்த நேரத்துக்கு முன்பே மறுபடி வலி மருந்து கேட்டால், மருந்துக்கு முன் பரிசோதனை. வலி மருந்தை மறுப்பதல்ல இதன் பொருள், பரிசோதித்துவிட்டுக் கொடுக்கலாம். அந்த இரவில் 11.30 மணி ஊசிக்கு முன் யாரும் விரலை இழுத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் மிஞ்சியிருக்கக்கூடும். இந்த முறைக்கும் எல்லை உண்டு. மயக்கத்தில் உள்ளவர், சிறு குழந்தை, முதுகுத் தண்டிலோ நரம்பிலோ மரத்துப்போகும் ஊசி போடப்பட்டவர் ஆகியோரிடம் வலியைக் கேட்டு அறிய முடியாது. அவர்களுக்குச் சந்தேகம் வந்தவுடனேயே அளவிதான் துணை.

எங்களுக்கு நோயாளிகளை அனுப்பும் சிறிய மருத்துவமனைகளுக்கும் எழுதினோம்: மாவுக்கட்டின் மேல் பேண்டேஜை இறுக்கிச் சுற்ற வேண்டாம், விரல்கள் எல்லாம் தெரியும்படி கட்டவும், முறிவு நேரத்தோடு கடைசி வலி ஊசி நேரத்தையும் கடிதத்தில் குறிக்கவும். அழுத்தம் அளக்கத் தேவையான குழாயும் ஊசியும் இப்போது வார்டிலேயே ஒரு பெட்டியில் உள்ளன.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் கருத்து ஒன்றுபடவில்லை. அறிகுறிகள் தெளிவாக இருந்தும் அளந்ததில் நேரம் போயிற்று என்றார் என் மூத்த சக மருத்துவர் ஒருவர். அன்று அரங்கு தயாராவதற்குள் அளந்து முடித்துவிட்டோம் என்பது என் பதில். ஆனால் அவர் சொன்னதில் இருந்த நியாயத்தை ஏற்று, பெட்டியின் மூடியின் உட்பக்கத்தில் ஒரு வரி எழுதி ஒட்டியிருக்கிறோம்: அரங்கு தயாராக இருந்தால், அல்லது அளவி கிடைக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால், விரலை இழுத்தால் வலியும் இடுக்கில் மரத்துப்போதலும் உள்ள காலை அளக்காமலே அரங்குக்குக் கொண்டு செல்லவும்.